காவலுக்கு வைத்த டயோடும் அது கேட்ட கூலியும்

தொழிற்சாலைக்குப் போகும் எந்த அளவீட்டு போர்டிலும், டெர்மினலில் என்ன வயரை மாட்டுவார்கள் என்பது நம் கையில் இல்லை. தெர்மோகப்பிள் வயருக்கும் 24 வோல்ட் வயருக்கும் அடுத்தடுத்த ஸ்க்ரூ. நைட் ஷிஃப்டில் ஒருவர் மாற்றி முறுக்கிவிட்டால் போதும், உள்ளே இருக்கும் ஆப்-ஆம்ப் போய்விடும். அதனால் டெர்மினலுக்கும் ஆப்-ஆம்புக்கும் நடுவில் ஒரு சீரிஸ் ரெசிஸ்டர் வைத்து, அதற்குப் பின்னால் 5 வோல்ட் ரெயிலுக்கு ஒரு டயோடு, கிரவுண்டுக்கு ஒரு டயோடு போடுகிறோம். வோல்டேஜ் எல்லை மீறினால் டயோடு திறந்து அதை ரெயிலோடு பிடித்து வைக்கும். ரெசிஸ்டர் கரண்டைக் கட்டுப்படுத்தும். கல்லூரி லேபிலேயே வரும் சர்க்யூட்தான். ஆனால் அது சும்மா இருக்கும்போது என்ன செய்கிறது என்பதை யாரும் சொல்லித் தருவதில்லை. எங்களுக்கு அதைச் சொல்லிக் கொடுத்தது கோயம்புத்தூரில் ஒரு ஹீட் ட்ரீட்மென்ட் யூனிட்டின் டெம்பரிங் அடுப்பு.

அங்கே ஓடிக்கொண்டிருந்தது ஒரு பழைய டிசைன். கே டைப் தெர்மோகப்பிள், 1 கிலோஓம் ரெசிஸ்டர், BAT54S என்ற ஷாட்கி டயோடு ஜோடி, அப்புறம் ஆப்-ஆம்ப். 24 வோல்ட் தவறாக மாட்டியும் பல தடவை தப்பித்த போர்டு என்று சர்வீஸ் ஆட்களிடம் அதற்கு நல்ல பெயர். புகார் வேறு மாதிரி வந்தது: காலையில் சரியாகக் காட்டுகிறது, மத்தியானம் ஆனால் 8, 9 டிகிரி கூடுதலாகக் காட்டுகிறது. கூடுதலாகக் காட்டினால் கண்ட்ரோலர் ஹீட்டரைக் குறைக்கும், அடுப்பு உண்மையில் அந்த அளவுக்குக் குளிர்ந்து நிற்கும். டெம்பரிங்கில் வெப்பம் குறைந்தால் இரும்பின் கடினம் இறங்காது. மத்தியான பேட்ச் மட்டும் ஹார்ட்னஸ் டெஸ்டில் உயர்ந்து வர, அதை வைத்துத்தான் அவர்கள் மீட்டரையே சந்தேகப்பட்டார்கள்.

இந்த மாதிரிப் புகார் வந்தால் எல்லோரும் முதலில் கை நீட்டுவது கோல்ட் ஜங்ஷன் சென்சார் பக்கம். டெர்மினல் அருகில் இருக்கும் அந்தச் சின்ன சென்சார் தப்பாக அளந்தாலும் அறிகுறி இதேதான். எனவே அதைக் கணக்கிலிருந்து விலக்கும் சோதனையை முதலில் செய்ய வேண்டும். தெர்மோகப்பிளைக் கழற்றிவிட்டு இரண்டு ஸ்க்ரூவையும் ஒரு துண்டுச் செம்பு வயரால் ஷார்ட் செய்து, கோல்ட் ஜங்ஷன் திருத்தம் சேர்வதற்கு முன்னால் உள்ள வெறும் மைக்ரோவோல்ட் அளவைப் பார்த்தோம். ஷார்ட் செய்த இன்புட்டில் பூஜ்யம் வர வேண்டும். பேனல் சூடாக இருந்தபோது 400 மைக்ரோவோல்ட் சுற்றி வந்தது.

இது ஆப்-ஆம்பின் சொந்த ஆஃப்செட்டாக இருக்கலாம், அல்லது எங்கோ ஒரு கரண்ட் ரெசிஸ்டர் வழியாக ஓடி வோல்டேஜ் உண்டாக்கலாம். இரண்டையும் பிரிப்பது சுலபம். செம்பு வயருக்குப் பதிலாக ஒரு 1 கிலோஓம் ரெசிஸ்டரால் ஷார்ட் செய்தோம். ஆஃப்செட் என்றால் ரெசிஸ்டரைக் கூட்டினாலும் அப்படியே இருக்கும். கரண்ட் என்றால் வழியில் உள்ள ஓம் இரட்டிப்பானதும் பிழையும் இரட்டிப்பாகும். 800 வந்தது. அடுத்து, சால்டரிங் அயர்ன் முனையைத் தொடாமல் டயோடுக்குப் பக்கத்தில் மட்டும் பிடித்தோம். அளவு கண்ணெதிரே ஏறியது. ஆப்-ஆம்ப் பக்கம் பிடித்தபோது கிட்டத்தட்ட நகரவில்லை. டயோடைக் கழற்றியதும் எல்லாம் அடங்கிவிட்டது.

விஷயம் இதுதான். டயோடு மூடியிருக்கும்போதும் ரிவர்ஸில் கொஞ்சம் கசியும். ரெயில் பக்க டயோடு உள்ளே தள்ளுகிறது, கிரவுண்ட் பக்க டயோடு வெளியே இழுக்கிறது. இரண்டும் சமமாக இருந்தால் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். இந்த போர்டில் தெர்மோகப்பிளின் மைனஸ் முனை 1.25 வோல்ட்டில் கட்டப்பட்டிருந்தது. அதாவது மேல் டயோடுக்கு 3.75 வோல்ட் ரிவர்ஸ், கீழ் டயோடுக்கு 1.25 மட்டும். ஷாட்கியில் ரிவர்ஸ் வோல்டேஜ் கூடினால் கசிவும் கூடும், எனவே மேல் டயோடு ஜெயிக்கும். மிஞ்சிய கரண்ட் 1 கிலோஓம் வழியாக டெர்மினலுக்குப் போகும், ஆப்-ஆம்ப் முனையில் வோல்டேஜ் உயரும். அளவு ஏறியே காட்டியது அதனால்தான்.

மிஞ்சும் கசிவு அறை வெப்பத்தில் 50 நானோஆம்பியர் என்று வைத்துக்கொண்டால், 1 கிலோஓமில் 50 மைக்ரோவோல்ட். கே டைப் தெர்மோகப்பிள் ஒரு டிகிரிக்கு 41 மைக்ரோவோல்ட் தரும், ஆக இது 1.2 டிகிரி. ஃபேக்டரி காலிப்ரேஷன் ஏசி ரூமில் நடக்கும். அங்கே இந்த 50 மைக்ரோவோல்ட்டை சாஃப்ட்வேர் கழித்துவிடும். யாருக்கும் தெரியாது. ஆனால் கசிவு சுமார் 10 டிகிரிக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். அடுப்புக்குப் பக்கத்துப் பேனலில் மத்தியானம் 55 டிகிரி என்றால் மூன்று இரட்டிப்பு, 400 மைக்ரோவோல்ட். கழித்தது 50, மிச்சம் 350. அதுதான் அந்த எட்டரை டிகிரி. காலிப்ரேஷன் இந்தப் பிழையைத் திருத்தவில்லை, ஒளித்துவைத்தது என்பது என் எண்ணம்.

ஷாட்கியை ஏன் போட்டார்கள் என்பதும் புரிகிறது. அது 0.3 வோல்ட்டிலேயே திறந்துவிடும். ஆப்-ஆம்பின் இன்புட் பின் ரெயிலுக்கு மேல் 0.3 அல்லது 0.5 வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது என்று பல டேட்டாஷீட் சொல்லும். சிலிக்கன் டயோடு 0.7க்கு மேல்தான் பிடிக்கும், அதற்குள் ஆப்-ஆம்பின் உள் டயோடு திறந்துவிடும் என்ற பயம். பயம் நியாயமானதுதான். ஆனால் அதற்கு வைத்தியம் ஷாட்கியில் இல்லை, இன்னொரு ரெசிஸ்டரில் இருக்கிறது.

நாங்கள் போட்டது BAV199 என்ற, கசிவு மிகக் குறைந்த சிலிக்கன் டயோடு ஜோடி. அதே மூன்று கால் பேக்கேஜ், அதே பின் வரிசை, லேஅவுட்டில் டயோடுக்கு இருந்த இடத்தைத் தொடவேண்டியதில்லை. கசிவு 25 டிகிரியில் பொதுவாக 3 பிகோஆம்பியர் அளவு. உறுதி கொடுக்கும் உச்சவரம்பு 5 நானோஆம்பியர், அதுவும் 75 வோல்ட் ரிவர்ஸில். கிளாம்புக்கு, அதாவது வோல்டேஜைப் பிடித்து வைக்கும் இந்த டயோடு ஜோடிக்குப் பின்னால், ஆப்-ஆம்ப் பின்னுக்கு முன்னால், 2.2 கிலோஓம் ஒன்று சேர்த்தோம். டயோடு பிடித்த வோல்டேஜுக்கும் உள் டயோடின் வோல்டேஜுக்கும் அரை வோல்ட் வித்தியாசம் இருந்தாலும் இதன் வழியாகப் போவது 0.2 மில்லிஆம்பியர்தான். பல ஆப்-ஆம்ப்கள் பின்னுக்கு 10 மில்லிஆம்பியர் வரை தாங்கும். முக்கியமான விஷயம், கிளாம்ப் டயோடின் கசிவு இந்த இரண்டாவது ரெசிஸ்டரில் ஓடாது, அதனால் அதன் மதிப்பு இந்தப் பிழையைத் தொடுவதே இல்லை.

கசிவு ஒழிந்ததும் முதல் ரெசிஸ்டரை 10 கிலோஓமுக்கு ஏற்ற முடிந்தது. 24 வோல்ட் தவறாக வந்தால் இனி 1.8 மில்லிஆம்பியர், ரெசிஸ்டரில் 33 மில்லிவாட். நாள் முழுக்க அப்படியே விட்டாலும் சூடேறாது. இதற்குப் பிறகு எங்களைத் தொந்தரவு செய்தது டயோடு அல்ல, ஃபிளக்ஸ். சரியாகக் கழுவாத போர்டில் மழைக்காலத்து ஈரம் படிந்து, 5 வோல்ட் தடத்துக்கும் இன்புட்டுக்கும் நடுவில் ஒரு ஜிகாஓம் அளவு அழுக்குப் பாதை உண்டானாலே சில நானோஆம்பியர் ஓடும். 10 கிலோஓமில் அது ஏறக்குறைய ஒரு டிகிரிப் பிழை. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் கழுவுவது அன்றிலிருந்து எங்கள் செக்லிஸ்டில் கட்டாயம். (கண்ணாடி உடல் டயோடு போட்டுப் பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு: அது வெளிச்சத்துக்கும் கரண்ட் தரும். டியூப் லைட்டுக்குக் கீழே 100 ஹெர்ட்ஸ் சிற்றலையைப் பார்த்து சப்ளையைத் திட்டிக்கொண்டிருக்க நேரிடும்.)

இந்த இன்புட் நன்றாக வேலை செய்ததால் அடுத்து வந்த எடைக் கருவி போர்டிலும் அதையே அப்படியே ஒட்டினார்கள். அங்கே கசிவு பிரச்சினையாகவில்லை, நாய்ஸ் பிரச்சினையாயிற்று.

ஒவ்வொரு ரெசிஸ்டரும் தானாகவே √(4kTR) அளவு நாய்ஸ் உண்டாக்கும். 1 கிலோஓமுக்கு ஒரு ரூட் ஹெர்ட்ஸுக்கு 4 நானோவோல்ட் என்று மனத்தில் வைத்துக்கொண்டால் போதும், மற்றதெல்லாம் வர்க்கமூலம். தெர்மோகப்பிளில் 12.2 கிலோஓம் 14 நானோவோல்ட் தரும். 10 ஹெர்ட்ஸ் பேண்ட்விட்தில் உச்சத்துக்கு உச்சம் 0.3 மைக்ரோவோல்ட், ஒரு டிகிரியில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. அடுப்புக்கு இது ஒரு பொருட்டே அல்ல.

எடையை அளக்கும் சென்சாரான லோட்செல் வேறு கதை. 5 வோல்ட் கொடுத்தால் முழு எடைக்கு 10 மில்லிவோல்ட்தான் திரும்பி வரும். 30 கிலோ தராசில் 1 கிராம் காட்ட வேண்டுமென்றால், ஒரு கிராம் என்பது 0.33 மைக்ரோவோல்ட். லோட்செல்லின் சிக்னலுக்கு இரண்டு கால், இரண்டிலும் 12.2 கிலோஓம் என்றால் மொத்தம் 24.4, அதாவது 20 நானோவோல்ட். லோட்செல்லின் சொந்த 350 ஓம் தருவது 2.4 மட்டுமே, நாங்கள் எடுத்த ஆம்ப்ளிஃபையர் 5. காசு கொடுத்து வாங்கிய நல்ல ஆம்ப்ளிஃபையரை நாலணா ரெசிஸ்டர் முழுங்கிவிட்டது. 10 ஹெர்ட்ஸில் உச்சத்துக்கு உச்சம் 0.43 மைக்ரோவோல்ட், ஒரு கிராமுக்கும் மேல். தட்டில் எதுவும் வைக்காதபோதே கடைசி இலக்கம் ஆடிக்கொண்டிருந்தது. சாஃப்ட்வேரில் ஆவரேஜ் எடுத்தால் ஆட்டம் நிற்கும், ஆனால் நாய்ஸைப் பாதியாக்க நாலு மடங்கு நேரம் காத்திருக்க வேண்டும். பேக்கிங் மெஷினில் அந்த நேரம் கிடையாது.

எனவே எடை போர்டில் ஒவ்வொரு காலிலும் கிளாம்புக்கு முன்னால் 1 கிலோஓம், பின்னால் 100 ஓம். மொத்த நாய்ஸ் 8 நானோவோல்ட் பக்கம் இறங்கியது. ஆட்டம் அரை கிராம். விலை பாதுகாப்பில் கொடுத்தோம். 24 வோல்ட் வந்தால் இப்போது 18 மில்லிஆம்பியர், ரெசிஸ்டரில் 0.33 வாட். சின்ன சிப் ரெசிஸ்டர் கருகும், அரை வாட் போட வேண்டும். இரண்டு காலிலும் சேர்ந்து வந்தால் 36 மில்லிஆம்பியர் 5 வோல்ட் ரெயிலுக்குள் பாயும். சாதாரண ரெகுலேட்டருக்குக் கரண்டைக் கொடுக்கத்தான் தெரியும், வாங்கத் தெரியாது. ரெயிலின் சொந்த நுகர்வு அதைவிடக் குறைவாக இருந்தால் ரெயிலே மேலே ஏறி, ஒரு இன்புட்டைக் காப்பாற்றப் போய் போர்டு முழுவதையும் பலி கொடுக்கும். அதற்காக ரெயிலுக்குக் குறுக்கே 5.6 வோல்ட் ஜீனர் ஒன்று. அந்த மதிப்பு ஜீனர் நன்றாகவே கசியும், ஆனால் அது கசிவது ரெயிலில், சிக்னலில் அல்ல, அங்கே கசிந்தால் கசியட்டும்.

230 வோல்ட்டை மாட்டினால் தாங்குமா என்று ஒரு வாடிக்கையாளர் கேட்டார். 10 கிலோஓமில்கூட 5 வாட்டுக்கு மேல். எடை போர்டின் 1 கிலோஓமில் 50 வாட்டைத் தாண்டும். தாங்காது என்று எழுதிக் கொடுத்தோம். மெயின்ஸ் வயருக்கு வேறு டெர்மினல் பிளாக், வேறு பிட்ச், பேனலின் எதிர்ப்பக்கத்தில் வைக்கச் சொன்னோம்.