பெருகிய லீடுகள், இலக்கை எட்டாத ஆர்டர்கள்: ஒரு காலாண்டு ஆய்வுக்கான உரையை எழுதிய அனுபவம்

கோயம்புத்தூரில் மாடுலர் கிச்சன் செய்து தரும் ஒரு நிறுவனத்தின் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் விளம்பரங்களை எங்கள் குழு கவனித்து வந்தது. ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான காலாண்டு முடிந்ததும் அதன் உரிமையாளருக்கு முடிவுகளை விளக்க வேண்டிய உரையை எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. வாடிக்கையாளரின் அடையாளம் வெளிப்படாதிருக்க எண்களை முழு எண்களாக மாற்றித் தருகிறேன். அவற்றுக்கு இடையிலான விகிதம் மாறவில்லை.

முந்தைய காலாண்டில் 6 லட்சம் ரூபாய் செலவில் 1,000 லீடுகள், அதாவது விளம்பரத்தோடு வரும் படிவத்தில் தம் பெயரையும் எண்ணையும் கொடுத்தவர்கள், வந்து, அவற்றிலிருந்து 30 ஆர்டர்கள் கிடைத்திருந்தன. அதே செலவில் 36 ஆர்டர்கள் என்பது இந்தக் காலாண்டின் இலக்கு. கிடைத்தவையோ 12 தான். ஆனால் லீடுகள் 1,500 ஆக உயர்ந்திருந்தன. ஒரு லீடுக்கான செலவு 600 ரூபாயிலிருந்து 400 ரூபாயாகக் குறைந்திருந்தது. உரையை எழுதுவதில் இருந்த முதல் சிக்கல் இதுதான். லீடுகளின் எண்ணிக்கையை முதல் ஸ்லைடில் வைத்தால் கூட்டத்தின் பாதி நேரம் வெற்றிச் செய்தியாகவே கடந்துவிடும். அதை எங்கள் குழுவில் சிலர் விரும்பவும் செய்தார்கள். ஒரு ஆர்டருக்கு 20,000 ரூபாய் செலவழித்த இடத்தில் இப்போது 50,000 ரூபாய் செலவழித்திருக்கிறார் என்பதே உரிமையாளரின் கணக்கு என்பதால், நான் அதையே முதலில் வைத்தேன். உரையின் தொடக்கம் இப்படி அமைந்தது: “வணக்கம் சார். இந்தக் காலாண்டில் 36 ஆர்டர்கள் என்று இலக்கு வைத்தோம், 12 கிடைத்திருக்கின்றன. ஏன் குறைந்தது, அதில் எங்கள் பங்கு என்ன, அடுத்து என்ன செய்யப் போகிறோம் என்பதை இந்த வரிசையிலேயே சொல்கிறேன்.”

காரணங்களை எழுதுமுன் அவற்றைச் சோதிக்க வேண்டியிருந்தது. ஆடி மாதம் என்ற விளக்கம் எல்லோர் வாயிலும் தயாராக இருந்தது. ஆடியில் புதுமனை புகுவதில்லை, வீட்டு வேலைகளைத் தள்ளிப் போடுகிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் அது ஆண்டுதோறும் வருவது, இலக்கு வைக்கும்போதே தெரிந்தது. இழப்பில் எவ்வளவு அதனால் வந்தது என்று காட்ட முடியாமல் அதைக் காரணமாகச் சொல்வது நியாயமாகாது என்று எனக்குத் தோன்றியது.

ஆகவே வாடிக்கையாளரின் விற்பனைக் குழு பராமரித்த அழைப்புப் பதிவேட்டை வாங்கி, ஒவ்வொரு லீடுக்கும் எதிரே இருந்த குறிப்பைப் பார்த்தேன். எண் தவறு, எடுக்கவில்லை, தெரியாமல் அழுத்திவிட்டேன் என்றார், வாடகை வீடு, இன்னும் அஸ்திவாரமே போடவில்லை என்பன போன்ற குறிப்புகளைக் கழித்தபின், 1,500 பேரில் உண்மையான தேவை உள்ளவர்கள் 450 பேர் மட்டுமே எஞ்சினார்கள். முந்தைய காலாண்டின் 1,000 பேரில் அப்படிப்பட்டவர்கள் 600 பேர். இதற்கான காரணம் எங்கள் பக்கம் இருந்தது. லீடின் விலையைக் குறைப்பதற்காக, காலாண்டின் தொடக்கத்தில் படிவத்தை Higher intent வகையிலிருந்து More volume வகைக்கு மாற்றியதோடு, வீட்டு வேலை எந்த நிலையில் இருக்கிறது, உத்தேச பட்ஜெட் என்ன என்ற இரண்டு கேள்விகளையும் நீக்கியிருந்தோம். முதல் வகையில், அனுப்புவதற்கு முன் விவரங்களைச் சரிபார்த்து உறுதி செய்யும் ஒரு படி உண்டு. இரண்டாவதில் அது இல்லை. பெயரும் எண்ணும் கணக்கிலிருந்து தானாகவே நிரம்பிவிடுவதால், விரல் பட்ட வேகத்திலேயே படிவம் போய்ச் சேர்ந்துவிடும். படிவத்தை எளிதில் நிரப்புகிறவர்களையே விளம்பர அமைப்பும் மேலும் மேலும் தேடிக் கொண்டுவந்தது.

ஆனால் இது மட்டும் முழுக் காரணமாக இல்லை. முன்பு 600 பேரில் 30 பேர், அதாவது நூற்றுக்கு 5 பேர், ஆர்டர் கொடுத்தார்கள். அதே விகிதம் நீடித்திருந்தால் 450 பேரிலிருந்து 22 ஆர்டர்களாவது வந்திருக்க வேண்டும். மீதிப் பத்து எங்கே போயின என்று தேடியபோதுதான், எப்போது அழைத்தார்கள் என்ற விவரம் உதவியது. இந்த 450 பேரில் வந்த அன்றே அழைக்கப்பட்டவர்கள் 150 பேர். அவர்களிடமிருந்து 8 ஆர்டர்கள். இரண்டு மூன்று நாள் கழித்து அழைக்கப்பட்ட 300 பேரிடமிருந்து 4 ஆர்டர்கள். இரு தரப்பினரும் அதே ஆடியிலும் ஆவணியிலும் வந்தவர்கள். அன்றே அழைக்கப்பட்டவர்களின் விகிதம் பழைய அளவிலேயே இருந்தது. ஆகவே ஆடியை முதன்மைக் காரணம் என்று சொல்ல இடமில்லாமல் போயிற்று. 8, 4 என்பவை மிகச் சிறிய எண்கள் என்பதையும், இந்தத் தொழிலில் முதல் அழைப்புக்கும் முன்பணத்துக்கும் இடையே பல வாரங்கள் ஆகும் என்பதால் செப்டம்பரில் வந்தவர்களில் சிலர் இனிமேலும் ஆர்டர் கொடுக்கலாம் என்பதையும் உரையிலேயே சேர்த்தேன்.

இந்தத் தாமதத்தை எப்படிச் சொல்வது என்பதில்தான் நான் அதிக நேரம் செலவிட்டேன். “உங்கள் குழு அழைக்கத் தாமதித்தது” என்ற வாக்கியம் பொய்யில்லை. ஆனால் உண்மை முழுவதும் அதில் இல்லை. அழைப்பவர்கள் முன்பும் இரண்டு பேர்தான், இப்போதும் இரண்டு பேர்தான். ஆயிரம் பேரை அழைத்தவர்களிடம் ஆயிரத்து ஐந்நூறு பேரைக் கொடுத்து, அவர்களில் பெரும்பாலோரை வீண் அழைப்புகளாக்கியது நாங்கள் செய்த மாற்றம். நெல்லோடு பதரையும் கலந்து கொடுத்துவிட்டு, புடைப்பவர் மெதுவாகப் புடைத்தார் என்று குறை சொல்ல முடியாது. எனவே உரையில் இப்படி எழுதினேன்: “படிவத்தை மாற்றலாம் என்று பரிந்துரைத்தது நாங்கள். அதனால் தகுதியற்ற லீடுகள் பெருகின. அவற்றை அழைத்து முடிப்பதற்குள் நல்ல லீடுகள் காத்திருக்க நேர்ந்தது. இரண்டும் தனித்தனிக் காரணங்கள் அல்ல சார், ஒன்றிலிருந்து மற்றொன்று வந்தது.” இந்தப் பகுதியைக் கூட்டத்துக்கு முன்பே அவர்களுடைய விற்பனை மேலாளருக்கு அனுப்பி, எண்களைச் சரிபார்க்கச் சொன்னேன். முதலாளியின் முன்னிலையில் ஒருவர் தம் குழுவைப் பற்றிய எண்ணை முதன்முறையாகப் பார்க்கும் நிலையை உருவாக்கக்கூடாது. அப்படி நேர்ந்தால் மீதி நேரம் முழுவதும் மறுப்பிலேயே கழிந்துவிடும்.

அடுத்த நடவடிக்கைகளில், பழைய படிவத்துக்கும் அந்த இரண்டு கேள்விகளுக்கும் திரும்புவது எளிது. கடினமானது அதன் விளைவை முன்கூட்டியே சொல்வது. லீடுகள் பாதியாகக் குறையும், ஒரு லீடின் விலை 800 ரூபாய் வரை ஏறலாம் என்று எழுதி வைத்தேன். அதை இப்போதே சொல்லாவிட்டால், இரண்டாவது வாரத்தில் எண்ணிக்கை சரிவதைப் பார்த்து மறுபடியும் More volume படிவத்தையே கேட்பார்கள். மேலும், யாருக்கு விளம்பரத்தைக் காட்டுவது என்று மெட்டாவின் அமைப்பு கற்றுக்கொள்ளும் கட்டத்தைத் தாண்ட, ஒரு விளம்பரத் தொகுப்புக்கு ஒரு வாரத்தில் சுமார் 50 முடிவுகள், எங்கள் விஷயத்தில் லீடுகள், தேவை என்பதால், லீடுகள் குறையும்போது சிதறிக் கிடந்த ஐந்து தொகுப்புகளை ஒன்றாக்க வேண்டியிருந்தது. வாராந்திர அறிக்கையில் லீடுகளின் எண்ணிக்கைக்கு மேலே தகுதியான லீடுகள், அன்றே அழைக்கப்பட்டவை, வீட்டில் அளவெடுக்கச் சென்றவை என்ற மூன்று வரிகளைச் சேர்த்தோம்.

கூட்டத்தில் உரிமையாளர் கேட்ட முதல் கேள்வி, “இதை ஆகஸ்டிலேயே ஏன் சொல்லவில்லை?” என்பதுதான். அதை எதிர்பார்த்து விடை எழுதியிருந்தேன்: எங்கள் வாராந்திர அறிக்கையில் லீடும் அதன் விலையும் மட்டுமே இருந்தன, அழைப்புப் பதிவேட்டை நாங்கள் கேட்டு வாங்கவில்லை, இனி ஒவ்வொரு திங்கட்கிழமையும் வாங்குவோம். அவர் அதை ஏற்றுக்கொண்டார். ஆனால் 6 லட்சத்தை ஏற்கவில்லை. அடுத்த காலாண்டுக்கு 4 லட்சம் என்றும், முதல் ஆறு வாரங்களில் தகுதியான லீடுகள் நூற்றுக்கு 60 என்ற பழைய அளவை எட்டினால் மட்டுமே மீதியைச் சேர்ப்பதாகவும் சொன்னார். அந்த நிபந்தனையைக் கூட்டக் குறிப்பில் அவருடைய சொற்களிலேயே எழுதி, அன்று மாலையே இரு தரப்புக்கும் அனுப்பினோம்.