விலையைப் பார்க்கவே மூன்று வாரம்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எனக்கு ஒரு சின்ன எலக்ட்ரிக்கல் கடை. புதுச்சேரியில் ஒரு மொத்த வியாபாரி விலைப்பட்டியலை இணையத்தில் போட்டிருக்கிறார். ஆனால் விலை இருக்க வேண்டிய இடத்தில் 'Login to see price' என்று மட்டும் இருக்கும். விண்ணப்பித்து, அவர்கள் ஒப்புக்கொண்ட பிறகுதான் விலை தெரியும். எனக்கு அது தெரிய மூன்று வாரம் ஆனது.

ஜிஎஸ்டி சான்றிதழ், பான் கார்டு, கடையின் போட்டோ எல்லாம் பத்து நிமிடத்தில் ஏற்றிவிட்டேன். இரண்டு நாள் கழித்து 'சரிபார்ப்பு தோல்வி' என்று ஒரு வரி மின்னஞ்சல் வந்தது. காரணம் எதுவும் இல்லை. போன் செய்தால், "மெயில் போடுங்க சார்" என்றார்கள். மெயிலுக்குப் பதில் வரவில்லை.

கோளாறு எங்கே என்று நானே தேடினேன். கடைப் பலகையில் உள்ள பெயரைப் படிவத்தில் எழுதியிருந்தேன். ஜிஎஸ்டியில் இருப்பதோ அப்பா காலத்துப் பழைய பெயர். 2017-ல் பதிவு செய்தபோது ஆடிட்டர் அதைத்தான் 'Trade Name' என்று போட்டிருக்கிறார், நானும் கவனிக்கவே இல்லை. வியாபாரிகள் சான்றிதழை வாங்கிவைத்துக்கொண்டாலும், ஜிஎஸ்டி தளத்தில் 'Search Taxpayer' பகுதியில் நம் எண்ணை அடித்துப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். அங்கே வருவதும் படிவத்தில் எழுதியதும் ஒத்துப்போகவில்லை என்றால் தள்ளிவிடுகிறார்கள். விண்ணப்பிக்கும் முன் நீங்களும் அங்கே உங்கள் எண்ணை அடித்து, என்ன வருகிறதோ அதை எழுத்துக்கு எழுத்து அப்படியே போடுங்கள். சான்றிதழில் பெயரைத் திருத்தலாம். ஆனால் அது அதிகாரியின் ஒப்புதலுக்குப் போகிற திருத்தம், இதற்காக அந்த வழியில் இறங்க வேண்டாம்.

சரி, பழைய பெயரிலேயே மறுபடி விண்ணப்பிக்கலாம் என்றால், 'இந்த மின்னஞ்சல் ஏற்கெனவே பதிவாகியுள்ளது' என்று வந்தது. தள்ளுபடி ஆன கணக்கை அவர்கள் அழிக்கவில்லை. இதற்காகக் கடையைப் பூட்டிவிட்டு பஸ் ஏறினேன். ஆல்பேட்டை வழியாகப் புதுச்சேரிக்கு பாட்டில் வாங்கப் போகாத ஆள் அன்றைக்கு நான் ஒருவனாகத்தான் இருந்திருப்பேன். அலுவலகத்தில் இருந்தவர் கோப்பைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "எல்லாம் ஆன்லைன்லதான் சார், நேர்ல எதுவும் வாங்கறதில்லை" என்றார். ஆன்லைனில் போட முடியாததால்தான் வந்தேன் என்று மூன்று தடவை சொன்னேன். கடைசியில் குடோன் பக்கம் பில் போடும் ஒரு பையன் காதில் விழுந்து, அவனே பழைய கணக்கை அழித்துக் கொடுத்தான். ஒரு நிமிட வேலை.

அடுத்த வாரம் ஒப்புதல் வந்தது. அப்போதும் விலை தெரியவில்லை. வெளியேறி மறுபடி உள்ளே போனதும் வந்தது.

வந்த விலையைப் பார்த்ததும் வயிறு எரிந்தது. நான் வழக்கமாக எடுக்கும் 6 ஆம்பியர் சுவிட்ச் 31 ரூபாய் என்று இருந்தது. பட்டியலில் வரி சேர்க்கவில்லை. 18 சதவீதம் சேர்த்தால் 36.58. எங்கள் கடைக்கு வாராவாரம் வரும் லைன் சேல்ஸ்மேனோ வரியோடு 35-க்குத் தருகிறார், அதாவது வரி நீக்கிப் பார்த்தால் 29.66. இரண்டு பேருமே பில்லோடு தருவதால் வரியை நான் உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்கிறேன். அதனால் வரியில்லாத விலையைத்தான் ஒப்பிட வேண்டும். அப்படிப் பார்த்தாலும் சேல்ஸ்மேன்தான் மலிவு. மொத்த விலை எப்படிச் சில்லறைக் கடைக்கு வரும் விலையைவிடக் கூடும்?

சந்தேகத்தில் குடோன் பையனுக்கே போன் போட்டேன். "அண்ணே, உங்களை எண்ட் யூசர் குரூப்புல போட்ருக்காங்க" என்றான். புதிதாக ஒப்புதல் ஆகிற எல்லாருக்கும் அந்தத் தளம் முதலில் தருவது அந்த வகைதான், டீலர் வகைக்கு ஒருவர் கையால் மாற்ற வேண்டுமாம். மாற்றிய பிறகு அதே சுவிட்ச் 27.50 ஆனது. ஒரே பொருள், ஒரே பக்கம், ஆளுக்கு ஒரு விலை. உள்ளே போனதும் உங்களுக்கு நன்றாக விலை தெரிந்த ஒரு சரக்கை முதலில் தேடிப் பாருங்கள். அது கூடுதலாக இருந்தால் வகையைக் கேளுங்கள், விலையைப் பேசாதீர்கள்.

கடலூருக்குச் சரக்கு வருவது வேறு மாநிலக் கணக்கு. எங்கள் ஜிஎஸ்டி எண் 33-ல் தொடங்கும், அவர்களுடையது 34-ல். அதனால் பில்லில் ஐஜிஎஸ்டிதான் வரும். வரியோடு 50,000 ரூபாயைத் தாண்டினால் இ-வே பில்லும் வேண்டும். என் முதல் ஆர்டர் அதற்குக் கீழேதான்.

செவ்வாய்க்கிழமை சேல்ஸ்மேன் வந்தார். பட்டியலை வெளியாருக்குக் காட்டினால் கணக்கை மூடிவிடுவார்கள் என்று நிபந்தனை இருப்பதால் போனை எடுத்து அவரிடம் காட்டவில்லை. "இந்தத் தடவை சுவிட்ச் வேண்டாம்ணே" என்று மட்டும் சொன்னேன். கொஞ்ச நேரம் அலமாரியைப் பார்த்தார். "33-க்குப் போட்டுக்கலாமா?" என்றார்.