போடே கேள்வி: நடுக்கோட்டைக் கடைசியில் போடுங்கள்

கண்ட்ரோல் சிஸ்டம்ஸ் முடிவு வந்துவிட்டது. பயந்த தாளில் நல்ல மதிப்பெண். இந்த நிம்மதியோடு அடுத்த பேட்ச்சுக்கு ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். போடே வரைபடம் வரையச் சொன்னால் எல்லோரும் வரைந்துவிடுவார்கள். அதையே திருப்பிப்போட்டு, அளந்த மேக்னிட்யூட் ரீடிங்கைக் கொடுத்து டிரான்ஸ்ஃபர் ஃபங்ஷனைக் கேட்டால்தான் மதிப்பெண் கரைகிறது. அதுவும் பெரும்பாலும் நடுவில் வரும் -40 கோட்டில்தான்.

இந்த ரீடிங்கை எடுத்துக்கொள்ளுங்கள்:

```
ω (rad/s)  0.1   0.5    1     2     5     10     20    100
dB        40.0  25.7  19.0  10.8  -3.6  -17.2  -33.1  -74.0
```

முதலில் இடது ஓரம். 0.1-இலிருந்து 0.5 வரை சரிவு ஏறத்தாழ டெக்கேடுக்கு -20 டெசிபெல். ஆகவே ஆரிஜினில் ஒரு போல் இருக்கிறது. 0.1-இல் உள்ள 40 வழியாக -20 கோட்டைப் போட்டு ω = 1 வரை நீட்டினால் 20 டெசிபெல் வரும்; K = 10. இங்கே ஒரு எச்சரிக்கை: ω = 1-இல் உள்ள 19.0 என்ற ரீடிங்கை வைத்து K எடுக்கக் கூடாது. அங்கே வளைவு ஏற்கெனவே கோட்டைவிட்டு இறங்கத் தொடங்கிவிட்டது.

அடுத்து நேராக வலது ஓரத்துக்குப் போங்கள். 20-இலிருந்து 100 வரை சரிவு சுமார் -58.5. சரிவு 20-இன் மடங்காகத்தான் முடியும் என்பதால் அது -60. ஆகவே ஆரிஜின் போலைத் தவிர இன்னும் இரண்டு போல்கள், அதாவது சரிவு மாறும் இரண்டு கார்னர்கள் இருக்கின்றன. கோட்டை 100-இல் உள்ள -74 வழியாகப் போடுங்கள், 20-இல் உள்ள ரீடிங் வழியாக வேண்டாம். பின்னோக்கி ω = 1 வரை நீட்டினால் 46 டெசிபெல், அதாவது 200. இந்த 200 என்பது K-யையும் இரண்டு கார்னர்களையும் பெருக்கிய தொகை. K = 10 என்று தெரியும்; எனவே இரண்டு கார்னர்களின் பெருக்கல் 20. நடுவே ஒரு கோடுகூடப் போடாமலே, கண்டுபிடிக்க வேண்டியது ஒரே ஒரு எண் என்றாகிவிட்டது.

இப்போது நடுப்பகுதி. பலரும் ஸ்கேலை எடுத்து, ω = 2-இல் இருக்கும் 10.8 புள்ளி வழியாகவே -40 கோட்டை இழுத்துவிடுகிறார்கள். அது -20 கோட்டை 1.4-இலும், -60 கோட்டை 14.4-இலும் வெட்டும். பெருக்கிப் பார்த்தால் 20 வருகிறது, தாளிலும் அழகாகத்தான் தெரிகிறது. ஆனால் அந்த விடையை வைத்து ω = 5-இல் கணக்கிட்டால் -5.9 டெசிபெல், அளந்ததோ -3.6. காரணம், கார்னரில் உண்மையான வளைவு அசிம்ப்டோட்டுக்கு 3 டெசிபெல் கீழே போகும். கார்னர்கள் ஒரு டெக்கேடுக்குள் நெருங்கியிருந்தால் நடுவில் எந்த ரீடிங்கும் -40 கோட்டின் மேல் உட்காராது.

அதனால் இழுப்பதற்குப் பதில் கழியுங்கள். -20 கோட்டின் மதிப்பிலிருந்து ரீடிங்கைக் கழித்தால் ω = 1-இல் 1.0, ω = 2-இல் 3.2 வருகிறது. 3-ஐ ஒட்டிய இடம்தான் கார்னர், மிச்சம் 0.2 அடுத்த போலின் பங்கு. முதல் கார்னர் 2 என்றால் மற்றது 20/2 = 10. வலப்பக்கம் சரிபார்க்க, ω = 10-இல் -60 கோடு -14, ரீடிங் -17.2, வித்தியாசம் அதே 3.2. விடை:

```
G(s) = 10 / [ s (1 + s/2)(1 + s/10) ]
```

ω = 5-இல் இது -3.55 தருகிறது. இந்த ஒரு வரிச் சரிபார்ப்பை விடைத்தாளில் கட்டாயம் எழுதுங்கள்.

வரைபடத்தை அழகாக்குவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. கழித்தல் அட்டவணை போட்டுவிட்டால் செமி-லாக் தாள் வெறும் சாட்சிதான். கை சுத்தமாக வரையும் உங்களுக்கு வேறு மாதிரித் தோன்றலாம்.

மறக்கக் கூடாதவை:

- ஹெர்ட்ஸில் கொடுத்திருந்தால் முதலிலேயே 2π-ஆல் பெருக்குங்கள். கடைசியில் மாற்றலாம் என்று விட்டால் ஆரிஜின் போல் இருக்கும்போது K தவறும்.
- சரிவு இன்னும் செங்குத்தாகும் கார்னரை ஒட்டி ரீடிங் அசிம்ப்டோட்டுக்கு மேலே எழும்பினால் அது சிக்கலெண் போல்களின் ஜோடி. இரண்டு தனி போல்களாகப் பிரிக்க முயலாதீர்கள்.

ஆய்வகத் தேர்வில் இன்னொரு பொறி உண்டு. -74 டெசிபெல் என்றால் 1 வோல்ட் உள்ளீட்டுக்கு 0.2 மில்லிவோல்ட் வெளியீடு. சாதாரண அலைக்காட்டியில் அது இரைச்சலுக்குள் மூழ்கிவிடும். வளைவு கடைசியில் தட்டையாகும், உடனே ஒரு ஜீரோவைச் சேர்க்கத் தோன்றும். சேர்ப்பதற்கு முன், சிஸ்டம் செறிவுக்குப் போகாத அளவுக்கு உள்ளீட்டை இரட்டிப்பாக்குங்கள். டெசிபெல் மாறாவிட்டால் அது ஜீரோவாக இருக்கலாம். 6 டெசிபெல் வரை இறங்கினால் அது இரைச்சல். அந்தப் புள்ளிகளை விட்டுவிட்டு, நம்பத்தக்க கடைசி ரீடிங்கில் -60 கோட்டைப் போடுங்கள்.

ஃபேஸ் ரீடிங்கும் கொடுத்திருந்தால் ஒரே இடத்தில் ஒப்பிடுங்கள். மேலே உள்ள விடைக்கு ω = 10-இல் சுமார் -214 டிகிரி வர வேண்டும். அளந்தது அதைவிட நன்றாகக் கீழே இருந்தால் தாமதமோ வலப்பாதி ஜீரோவோ ஒளிந்திருக்கிறது. தாமதம் மேக்னிட்யூடை மாற்றாது. ஜீரோ இடப்பாதியா வலப்பாதியா என்பதையும் மேக்னிட்யூட் காட்டாது.