வெயில் ஏறினால் சோர்ந்த பூம்

ஏர்வாடிக்கும் மூக்கையூருக்கும் இடைப்பட்ட கரையில், அலைத் தடுப்புக்குக் கல் அடுக்கும் வேலையில் இருந்த 20 டன் எக்ஸ்கவேட்டர் ஒன்றில் நான் செய்த தவறு இன்றும் நினைவில் இருக்கிறது. காலை ஏழு மணிக்குச் சுறுசுறுப்பாக எழும் அதன் பூம் என்ற பெரிய கை, பதினொரு மணிக்கு மேல் கிழவனைப் போல் எழுந்தது. "அண்ணே, வெயில் ஏறினா இதுவும் சோந்து போகுது" என்றார் ஆபரேட்டர்.

ஆயில் சூடாக இருந்தபோதே பின்பக்க பம்பின் சோதனைத் துளையில் கேஜைப் பொருத்தி, பூமை முழு உயரத்துக்குத் தூக்கி லீவரைப் பிடித்துப் பார்த்தேன். மேனுவலில் சதுர சென்டிமீட்டருக்கு 350 கிலோ அழுத்தம் என்றிருக்க, கேஜில் 325 நின்றது. அழுத்தம் மிஞ்சினால் திறந்துகொள்ளும் ரிலீஃப் வால்வின் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டதென்று முடிவு செய்து, லாக் நட்டைத் தளர்த்தி ஸ்குருவைக் கால் சுற்று உள்ளே திருகினேன். முள் 340க்கு ஏறியது. எனக்கும் திருப்தி, ஒப்பந்தக்காரருக்கும் திருப்தி.

மறுநாள் காலை ஆயில் ஆறியிருந்தபோது அதே கேஜ் 368 காட்டியது. மதியத்தில் பூம் முந்தைய நாளைவிட மெதுவாக எழுந்தது. மூன்றாம் நாள் பூம் சிலிண்டருக்குப் போகும் ஹோஸ் ஒன்று வெடித்தது. அதன் பிறகுதான், முதலிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன்: காலி பக்கெட்டோடும் பூம் மெதுவாகத்தானே எழுகிறது? காலி பக்கெட்டைத் தூக்க 350 கிலோவுக்கு வெகு கீழான அழுத்தமே போதும். அந்த நிலையில், செட்டிங் சற்றே இறங்கிய ரிலீஃப் வால்வு திறக்கவே திறக்காது. வேகம் என்பது சிலிண்டருக்குள் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் ஆயில் போகிறது என்பதைப் பொறுத்தது, ரிலீஃப் வால்வோ அழுத்தத்தின் உச்சத்தை மட்டுமே தீர்மானிக்கிறது. ஆக நான் திருகியது நோயே இல்லாத உறுப்பை.

பிறகு கடிகாரத்தை வைத்துக்கொண்டு பார்த்தேன். காலையில் காலி பக்கெட்டோடு தரையிலிருந்து உச்சிக்கு 3.3 விநாடி, ஆயில் 80 டிகிரியைத் தொட்டபோது 5.6 விநாடி. மணலும் உப்பும் அப்பியிருந்த ஆயில் கூலரைக் கழுவியதில் சூடு சில டிகிரி குறைந்ததே தவிர, பூம் வேகமாகவில்லை. சூடான நிலையில் பக்கெட்டில் கல்லை ஏற்றி, பூமைத் தூக்கி நிறுத்தி, யாரும் கீழே நிற்காமல் எஞ்சினை அணைத்து ஐந்து நிமிடம் காத்திருந்தேன். பூம் இறங்கவில்லை என்பதால் சிலிண்டர் சீலின் மேல் இருந்த சந்தேகமும் போயிற்று.

பம்பைக் காட்டிக்கொடுத்தது கேஜ் அல்ல, ஈர மணல்தான். இந்த வகை வண்டியில், வேறெதையும் இயக்காமல் நேராக ஓட்டினால், முன் பம்ப் ஒரு பக்கச் செயினையும் பின் பம்ப் மறுபக்கச் செயினையும் தனித்தனியே ஓட்டும். காலையில் அலையோரமாகப் போன தடம் நூல் பிடித்ததுபோல் இருந்தது. மதியம் அதே இரு லீவர்களையும் முழுதாகத் தள்ளி ஓட்டியபோது தடம் மெல்ல வலப்பக்கம் வளைந்தது. டிராவல் மோட்டார் தேய்ந்திருந்தாலும் இப்படி வளையக்கூடும் என்பதால், இரு பம்புகளின் கேஸ் டிரெய்ன் ஆயிலையும், அதாவது பம்புக்குள் கசிந்து டேங்குக்குத் திரும்பும் ஆயிலையும், அளந்தேன். சூடான ஆயிலோடு, பம்பை லோடில் வைத்து, டிரெய்ன் ஹோஸை ஒரு கேனில் விட்டு இருபது விநாடி பிடித்ததில் முன் பம்பில் 3 லிட்டர், பின் பம்பில் 11 லிட்டர் வந்தது. அதாவது பின் பம்பில் மட்டும் நிமிடத்துக்கு 33 லிட்டர் உள்ளுக்குள்ளேயே கசிகிறது. (அந்த ஹோஸை அடைத்துப் பார்க்கலாமே என்று யாராவது சொன்னால் கேட்கக் கூடாது; ஷாஃப்ட் சீல் பிய்ந்துவிடும்.)

காலையில் இந்தக் கசிவு தெரியாததற்குக் காரணம் ஆயிலின் பிசுபிசுப்பு. 40 டிகிரியில் 46 அளவுள்ள ஆயில் 80 டிகிரியில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்காக இளகிவிடும். தேய்ந்த இடைவெளியில் கெட்டியான ஆயில் தயங்கும், இளகியது ஓடிவிடும். அப்படி 350 கிலோ அழுத்தத்திலிருந்து வேலை எதுவும் செய்யாமல் வெளியேறும் ஆயில் தன்னளவில் 20 டிகிரிபோலச் சூடேறும். அந்தச் சூடு ஆயிலை மேலும் இளக்க, கசிவு இன்னும் கூடும். அழுத்தத்தை நான் ஏற்றியபோது இந்தச் சுழலைத்தான் வேகப்படுத்தினேன். இதைவிடக் கெட்டியான 68 ஆயிலை ஊற்றிவிடலாமா என்று உரிமையாளர் கேட்டார். சில வாரம் ஓடியிருக்கும், தேய்மானம் நின்றிருக்காது.

பின் பம்பைப் பிரித்தபோது வால்வ் பிளேட்டில் விரல் நகம் சிக்கும் அளவுக்கு வட்டக் கோடுகள் விழுந்திருந்தன, டிரெய்ன் ஃபில்டரில் பித்தளை நிறத்தில் பொடி மின்னியது. பிளேட்டையும் சிலிண்டர் பிளாக்கையும் பிஸ்டன்களையும் மாற்றி, டேங்கைக் கழுவிப் புது ஆயில் நிரப்பினோம். ஸ்குருவை வெளியே திருப்பி, மேனுவல் சொல்லும் 50 டிகிரிச் சூட்டில் 350 கிலோவுக்கு அமைத்து, லாக் நட்டின் மேல் வெள்ளை பெயிண்டால் ஒரு கோடு இழுத்தேன். அன்று மதியம் பூம் 3.6 விநாடியில் எழுந்தது. ஆபரேட்டர் பூமைப் பார்க்கவில்லை. வண்டியை அலையோரம் ஓட்டிப் போய் நிறுத்திவிட்டு, இறங்கி வந்து தடத்தைப் பார்த்தார்.