நோட்டீஸ் பீரியடுக்காக ஜாய்னிங் தேதியைத் தள்ளிக் கேட்டது

மணலியில் ஒரு கன்டெய்னர் யார்டில் இறக்குமதி டாக்குமென்ட் வேலை பார்த்துவந்தேன். கிண்டியில் ஒரு கம்பெனியிலிருந்து ஆஃபர் லெட்டர் வந்தது ஏப்ரல் 24, வெள்ளிக்கிழமை. அதில் ஜாய்னிங் தேதி மே 25 என்று போட்டிருந்தார்கள். என் பழைய அப்பாயின்ட்மென்ட் லெட்டரில் நோட்டீஸ் 60 நாள். இன்டர்வியூவிலேயே சொல்லியிருந்தேன், ஆனாலும் லெட்டரில் அவர்கள் வழக்கமாகப் போடும் தேதிதான் வந்தது. இது நிறைய பேருக்கு நடக்கிறது.

லெட்டரின் கடைசிப் பக்கத்தில் இன்னொரு வரி இருந்தது: குறிப்பிட்ட தேதிக்குள் சேராவிட்டால் இந்த ஆஃபர் தானாக ரத்தாகிவிடும் என்று. அதனால்தான் போனில் "சரி, பார்த்துக்கலாம்" என்று யாராவது சொன்னால் அது போதாது என்கிறேன். தேதி மாறினால் அந்த வரியும் சேர்த்து மாறிய புது லெட்டர் கையில் வரவேண்டும், அதுவரை கையெழுத்துப் போட்டு அனுப்பவும் கூடாது, இங்கே ராஜினாமாவும் கொடுக்கக் கூடாது. ராஜினாமாவை ஏற்றுக்கொண்ட பிறகு திரும்பப் பெறுவது நம் கையில் இல்லை.

வீட்டில் உட்கார்ந்து முதலில் கணக்குப் போட்டேன். திங்கள், ஏப்ரல் 27 அன்று ராஜினாமா கொடுத்தால், அந்த நாளையும் சேர்த்து எண்ண 60-ஆவது நாள் ஜூன் 25, வியாழன். நடுவில் லீவு எடுத்தால் அத்தனை நாள் தள்ளிப்போகும் என்று எங்கள் லெட்டரில் இருந்தது, அதனால் லீவே இல்லை என்று வைத்துக்கொண்டேன். அடுத்த திங்கள் ஜூன் 29. ஆஃபர் வந்த வெள்ளிக்கிழமையே எச்ஆருக்கு மெயில் எழுதினேன்: ஆஃபரை ஏற்க விருப்பம், நோட்டீஸ் 60 நாள், அந்தப் பக்கத்தை இணைத்திருக்கிறேன், ஜூன் 29 அன்று சேர முடியும், திருத்திய லெட்டர் வந்ததும் அதே நாளில் ராஜினாமா கொடுக்கிறேன், லெட்டர் திங்கள் தாண்டினால் சேரும் தேதியும் அவ்வளவு தள்ளும். இந்தக் கடைசி வரிதான் வேலை செய்தது என்று நினைக்கிறேன். தாமதம் யாருடைய பக்கம் இருந்தாலும் நாள் எப்படி நகரும் என்பது அவர்களுக்குப் புரிந்துவிட்டது.

சனிக்கிழமை காலையில் எச்ஆர் மேடம் கூப்பிட்டார். "ஜூன் 15-க்கு வர முடியுமா? மீதி நாளுக்குப் பணம் கட்டி வந்துடுங்க, அதை நாங்க பார்த்துக்கறோம்" என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஜூன் 12-க்குள் விட்டால் 13 நாள் குறைகிறது. என் மொத்தச் சம்பளம் 42,000, அதில் பேசிக் 21,000. மொத்தத்தில் பிடித்தால் 18,200 ரூபாய், பேசிக்கில் பிடித்தால் 9,100. எதில் பிடிப்பார்கள் என்று எங்கள் லெட்டரில் தெளிவாக இல்லை. அதைவிடப் பெரிய விஷயம், பணம் கட்டி முன்னாலேயே போவது நிர்வாகம் ஒப்புக்கொண்டால் மட்டுமே என்று எழுதியிருந்தது. அப்படியிருக்க அந்தத் தேதியை எப்படி வாக்குக் கொடுப்பது? "மேடம், அவங்க விட்டா நிச்சயமா முன்னாடியே வர்றேன், ஆனா லெட்டர்ல 29-ன்னே போடுங்க, அதுதான் என்னால உறுதியா சொல்ல முடிஞ்ச தேதி" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு சரி என்றார். திங்கள் மதியம் திருத்திய லெட்டர் வந்தது, ரத்து வரியிலும் ஜூன் 29. சாயங்காலமே ராஜினாமா மெயில் போட்டேன், கடைசி நாள் ஜூன் 25 என்று அதிலேயே எழுதி.

யார்டில் சார் முன்னாலேயே விட மறுத்துவிட்டார், எனக்குப் பதிலாக ஆள் கிடைக்கவில்லை. தண்டையார்பேட்டையில் பக்கத்து வீட்டு அண்ணன் ஒருவர், "15-ஆம் தேதியே அங்க போய்ச் சேர்ந்துடு தம்பி, இங்க லீவு சொல்லிக்கலாம்" என்றார். அதைச் செய்யாதீர்கள். இரண்டு கம்பெனியும் ஒரே யூஏஎன் எண்ணில்தான் பிஎஃப் கட்டும், ஒரே நாளில் இரண்டு இடத்திலும் வேலை பார்த்ததாகப் பதிவாகிவிடும், பின்னணி சரிபார்ப்பில் அது வெளியே வரும்.

கடைசி நாள் சாயங்காலம் ரிலீவிங் லெட்டரை வாங்கினேன். கூடவே, பிஎஃபில் வெளியேறிய தேதியை ஜூன் 25 என்று பதியச் சொல்லி அக்கவுன்ட்ஸுக்கு ஒரு மெயிலும் போட்டேன். அவர்கள் பதியாமல் விட்டால் நாமே போர்ட்டலில் பதியலாம், ஆனால் கடைசியாகப் பிஎஃப் கட்டிய மாதத்திலிருந்து இரண்டு மாதம் கழிந்தபிறகுதான்.