எழுபதையும் எழுதாதீர்கள்: வரிசைமாற்றச் சோதனைக் கேள்விக்கு ஒரு வழி

முதுநிலைப் புள்ளியியல் முடிவுகள் வந்துவிட்டன. பலரும் பயந்த பரவல்சாரா முறைகள் தாளில்தான் எனக்கு நல்ல மதிப்பெண். வரிசைமாற்றச் சோதனைக் கணக்கு நேரத்தைத் தின்னாததே அதற்குக் காரணம் என்று நம்புகிறேன். ஆகவே அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். மற்றவை உங்கள் பாடப்புத்தகத்தில் இருக்கின்றன.

கணக்கு ஏறக்குறைய இப்படித்தான் வரும். எட்டு மாணவர்களைச் சீட்டுக் குலுக்கி நால்வர் நால்வராகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மட்டும் கூடுதல் பயிற்சி கொடுக்கிறார்கள்.

பயிற்சி பெற்றவர்கள்: 65, 71, 78, 82
பெறாதவர்கள்: 54, 58, 63, 69

சராசரிகள் 74, 61. வித்தியாசம் 13. இது குலுக்கலில் தற்செயலாக விழக்கூடியதா என்பதே கேள்வி.

பயிற்சியால் ஒரு பயனும் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் 82 வாங்கியவர் எந்தக் குழுவில் விழுந்திருந்தாலும் 82தான் வாங்கியிருப்பார். மதிப்பெண்கள் அசையாமல் நிற்கும், குழுப் பெயர் மட்டும் இடம் மாறும். எட்டுப் பேரில் நால்வரைத் தேர்ந்தெடுக்க 70 வழிகள். குலுக்கல் ஒழுங்காக நடந்திருந்தால் எழுபதுக்கும் சமவாய்ப்பு. ஃபிஷர் 1935-ல் எழுதிய தேநீர்ச் சோதனையிலும் எட்டுக் கோப்பைகள், நான்குக்கு நான்கு, அதே 70தான். இயல்நிலைப் பரவல் எங்கும் தேவைப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். அதன் இடத்தில் குலுக்கல் நிற்கிறது. விடையில் இதை ஒரு வரியாவது எழுதுங்கள்.

நாங்கள் கையில் வைத்திருந்த வழிகாட்டி நோட்டில் 70 பிரிவுகளையும் அட்டவணை போட்டு, ஒவ்வொன்றுக்கும் இரண்டு சராசரி, ஒரு கழித்தல் என்று பக்கம் பக்கமாக நிரப்பியிருந்தார்கள். எழுதியவருக்குப் புண்ணியமாகப் போகட்டும். தேர்வறையில் அந்த வேலைக்கு யாருக்கும் நேரம் கிடையாது, தேவையும் கிடையாது.

எட்டு மதிப்பெண்களின் மொத்தம் 540, அது மாறாது. பயிற்சிக் குழுவின் கூட்டுத்தொகை தெரிந்தால் மற்றதன் கூட்டுத்தொகையும் சராசரி வித்தியாசமும் தாமாகவே தெரிந்துவிடும். எனவே சராசரியை மறந்துவிட்டுக் கூட்டுத்தொகையை மட்டும் பாருங்கள். நமக்குக் கிடைத்தது 296. மேலிருந்து இறங்குவோம்:

82+78+71+69 = 300
82+78+71+65 = 296 (நம்முடையது)
82+78+71+63 = 294
82+78+69+65 = 294

இங்கே நிறுத்தலாம். மீதிப் பிரிவுகள் எல்லாம் கடைசி இரண்டில் ஏதாவது ஒன்றிலிருந்து பெரிய எண்ணைச் சிறியதாக மாற்றிக் கிடைப்பவை, 294-ஐத் தாண்டாது. 296-உம் அதற்கு மேலும் இருப்பவை இரண்டு. ஒருமுனைப் பி-மதிப்பு 2/70, அதாவது 0.029. நமக்குக் கிடைத்த பிரிவையும் எண்ண வேண்டும். அதை விட்டுவிட்டு 1/70 என்று எழுதி மதிப்பெண் இழந்தவர்கள் என் வகுப்பிலேயே உண்டு.

இருமுனைச் சோதனை என்றால் கதை மாறுகிறது. குழுக்கள் சம அளவில் இருப்பதால், பெயரை மாற்றிப் போட்டால் ஒவ்வொரு பிரிவுக்கும் எதிர்ப்பிரிவு ஒன்று கிடைக்கும். எனவே 4/70, அதாவது 0.057. 5% நிலையில் ஒன்று இன்மைக் கருதுகோளை மறுக்கிறது, மற்றது மறுக்கவில்லை, மதிப்பெண்கள் அவையேதான். 'பயிற்சி மதிப்பெண்ணை உயர்த்துகிறதா' என்று கேட்டிருக்கிறார்களா, 'வித்தியாசம் உண்டா' என்று கேட்டிருக்கிறார்களா என்பதை எண்களைத் தொடும் முன்பே பார்த்து, எந்த முனை என்று எழுதிவிடுங்கள். குழுக்கள் 3-உம் 5-உமாக இருந்தால் இரட்டிப்பாக்கும் வேலை செல்லாது. எதிர்முனையில் 13-ஐப் போல உங்கள் வித்தியாசம் எதுவோ, அதே அளவோ அதற்கு மேலோ வருபவற்றைத் தனியாக எண்ண வேண்டும்.

எண்ணத் தொடங்கும் முன் இன்னொன்று: கிடைக்கக்கூடிய மிகச் சிறிய பி-மதிப்பைப் போட்டுப் பாருங்கள். மூவருக்கு மூவர் என்றால் மொத்தமே 20 பிரிவுகள். ஒரு குழு மற்றதை முழுக்க மிஞ்சினாலும் இருமுனையில் 2/20 = 0.10. எந்த மதிப்பெண் வந்தாலும் 5% நிலையில் மறுக்க வழியில்லை. இதைச் சொல்லிவிட்டால் பாதி விடை முடிந்தது.

சில பொறிகள்:

- இரண்டு பேருக்கு ஒரே மதிப்பெண் என்றாலும் அவர்கள் இரண்டு பேர்தான். பிரிவுகளின் எண்ணிக்கை குறையாது.
- குலுக்காமல், தாமாக விரும்பிச் சேர்ந்தவர்களே பயிற்சிக் குழு என்றால் 0.029 வந்தாலும் பயிற்சிதான் காரணம் என்று எழுதாதீர்கள்.
- ஒரே மாணவரின் முன், பின் மதிப்பெண்கள் கொடுத்திருந்தால் இந்த முறையே பொருந்தாது. அங்கே ஒவ்வொருவரின் வித்தியாசத்துக்கும் கூட்டல், கழித்தல் குறியை மாற்றிப் போட வேண்டும். ஐந்து பேருக்கு 32 வழிகள், இருமுனையில் மிகக் குறைந்தது 2/32 = 0.0625. ஆறாவது மாணவர் வந்தால்தான் 5%-க்குக் கீழே இறங்க முடியும்.