மயில் கழுத்து நிறச் சேலையை விவரித்த கதை

கோயம்புத்தூரில் கைத்தறிச் சேலைகளை இணையத்தில் விற்கும் ஒரு சிறிய கடையில் மூன்று மாதம் பயிற்சிப் பணியில் இருந்தேன். ஒவ்வொரு சேலைக்கும் விற்பனைப் பக்கத்தில் இடம்பெறும் தலைப்பையும் விவரத்தையும் எழுதுவதே என் வேலை. முதல் வாரத்தில் நான் எழுதியவற்றுள் ஒன்று இது: "கண்ணைக் கவரும் மயில் கழுத்து நிறத்தில் ப்யூர் சில்க் காட்டன் சேலை. எல்லா விழாக்களுக்கும் ஏற்றது." அதைப் படித்து வாங்கிய 11 பேரில் 4 பேர் சேலையைத் திருப்பி அனுப்பினார்கள். மூவர் நிறம் வேறாக இருப்பதாகவும், ஒருவர் அது பட்டே இல்லை என்றும் காரணம் குறிப்பிட்டிருந்தார்கள்.

படத்தில் நிறம் சரியாக விழவில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். திரும்பி வந்த சேலையை மேசையில் விரித்து, படத்தின் வண்ணத்தைக் கணினியில் திருத்த முயன்றபோது, நீலத்தைக் கூட்டினால் பச்சை போனது. பச்சையைக் கூட்டினால் நீலம் போனது. நெசவுக் குடும்பத்தில் பிறந்தவரும் பொதி கட்டும் பிரிவில் வேலை பார்ப்பவருமான ஓர் அக்கா இதைக் கவனித்துவிட்டு, சேலையைச் சன்னல் அருகே எடுத்துச் சென்று மடித்துக் காட்டினார். "இது ஒரே நிறமில்ல கண்ணு. பாவு நீலம், ஊடை பச்சை. எந்தப் பக்கம் வெளிச்சம் விழுதோ அந்த நிறம் தூக்கும்," என்றார்.

நீளவாக்கில் ஓடும் பாவு நூலுக்கும் குறுக்கே ஓடும் ஊடை நூலுக்கும் வெவ்வேறு சாயம் ஏற்றினால், துணி நேராகப் பார்க்கையில் ஒரு கலவை நிறமாகவும், சாய்த்துப் பார்க்கையில் இரண்டில் ஒன்றாகவும் தெரியும். எங்கள் படம் நேர் வெளிச்சத்தில், தட்டையாக விரித்து எடுக்கப்பட்டிருந்ததால், அதில் கலவை நிறம் மட்டுமே இருந்தது. வாங்கியவர்களோ சேலையை உடுத்திக் கொசுவம் மடித்தபோது நீலத்தைக் கண்டிருக்கிறார்கள். ஆகவே, குறை படத்தில் மட்டும் இல்லை. "மயில் கழுத்து" என்ற பெயர் எல்லாருக்கும் ஒரே நிறத்தைச் சொல்லிவிடும் என்று நம்பிய என் விவரத்திலும் இருந்தது. ஒருவருக்கு அது நீலம், இன்னொருவருக்குப் பச்சை.

பட்டைப் பற்றிய புகார் இதைவிட என்னை வருத்தியது, ஏனெனில் அந்தச் சொல்லை நான் எதையும் சோதிக்காமல் எழுதியிருந்தேன். முந்தானைக் குஞ்சத்திலிருந்து பாவு நூலையும், உடல் பகுதியின் ஓரத்திலிருந்து ஊடை நூலையும் உருவித் தனித்தனியே எரித்துப் பார்த்தோம். பாவு நூல் முடி கருகும் வாடையுடன் சுருண்டு, விரலில் நசுங்கும் கரித்துகளானது, அது பட்டு. ஊடை நூல் காகிதம் போல எரிந்து மெல்லிய சாம்பலானது, அது பருத்தி. செயற்கை இழையாக இருந்தால் உருகிக் கெட்டியான மணியாகியிருக்கும். நூல் வகையை ஓரளவு அறிய இந்தச் சோதனை உதவும். எத்தனை சதவீதம் என்று சொல்ல உதவாது. எனவே நாங்கள் சதவீதம் எதையும் எழுதவில்லை.

சேலை கலப்பு நெசவு என்பது உறுதியானது. ஆனாலும் "ப்யூர் சில்க் காட்டன்" என்பதை வேகமாகப் படிப்பவர் "ப்யூர் சில்க்" என்றே எடுத்துக்கொள்வார். அந்தச் சொல்லை வைத்துத்தான் பலரும் தேடுகிறார்கள், எடுத்தால் பக்கத்துக்கு வருவோர் குறைவார்கள் என்று மேலாளர் தயங்கினார். அவருடைய அச்சம் நியாயமானதுதான். இருந்தாலும், பொருளின் விவரம் அதன் உண்மைத் தன்மையோடு பொருந்த வேண்டும் என்பதை 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் விற்பவரின் கடமையாக்கியிருப்பதைக் காட்டிய பிறகு, "ப்யூர்" என்ற சொல்லை நீக்க ஒப்புக்கொண்டார். அழகாகச் சொல்வதற்குத் தனிச்சொல் தேவையில்லை, துணி எப்படி இருக்கிறது என்பதையே சொன்னால் போதும் என்று எனக்குத் தோன்றியது. மாற்றி எழுதியது இது:

"நீலப் பட்டுப் பாவும் பச்சைப் பருத்தி ஊடையும் சேர்த்து நெய்த சில்க் காட்டன் கைத்தறிச் சேலை. விரித்தால் மயில் கழுத்துப் பச்சை. கொசுவத்திலும் தோள் மடிப்பிலும் நீலம் மேலோங்கும். முழுப் பட்டைவிடப் பளபளப்பு குறைவு. சேலை 5.5 மீட்டர், அதனுடன் இணைந்த ரவிக்கைத் துணி 0.8 மீட்டர்."

அளவை நாடாவால் அளந்தே எழுதினேன். சன்னல் வெளிச்சத்தில் மடிப்புடன் எடுத்த இன்னொரு படத்தையும் சேர்த்தோம். அதன்பின் அந்தச் சேலை நிறத்துக்காகத் திரும்பி வரவில்லை.

ஆனால் இரண்டாம் மாத இறுதியில் அந்தப் பாவு தீர்ந்து, புதிதாகச் சாயமேற்றிய பாவில் நெய்த சேலைகள் வந்தபோது, நீலம் ஒரு படி அழுத்தமாக இருந்தது. பழைய பக்கத்திலேயே இருப்பைக் கூட்டிவிடலாம் என்றார்கள். பழையதையும் புதியதையும் சன்னலருகே பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். புதிய சேலைக்கு வேறு பக்கம் திறந்து, புதிதாகப் படமெடுத்து, "அழுத்தமான நீலப் பாவு" என்று எழுதினோம்.